உண்டியல் கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண் உண்டியலில் காசு சேர்க்கும் சிறுமியின் கதையைச் சிறுவர் பக்கத்துக்கு எழுதாதவர்கள் குறைவு. அதையே ராமநாதபுரம் கடற்கரையில் வைத்து எழுதினால் பெரும்பாலும் எங்கே இடறுகிறோம் என்று பார்ப்போம். பாம்பன் பக்கம் ஒரு சகாயமேரி, ஆறாம் வகுப்பு. அம்மா கடல்பாசி எடுக்கப் போகும்போது போடும் நீச்சல் கண்ணாடி போல ஒன்று தனக்கும் வேண்டும் என்பது அவள் ஆசை. கதையில் அதன் விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தவறு அந்த ஆசையிலேயே தொடங்கிவிடுகிறது. பலரும் யோசிக்காமல் சைக்கிள் என்று எழுதிவிடுகிறார்கள். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால் பதினொன்றாம் வகுப்பில் அது இலவசமாகவே கிடைக்கிறது. அதோடு, ஐந்து ரூபாயாகச் சேர்த்து சைக்கிள் வாங்க எத்தனை வருடம் ஆகும் என்று எந்தப் பிள்ளையும் விரல் விட்டு எண்ணிப் பார்க்கும்.

அடுத்தது பெரிய தவறு: காசு எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் விடுவது. 'தினமும் ஒரு நாணயம் போட்டாள்' என்ற வரி மாதச் சம்பள வீட்டுக்குப் பொருந்தலாம். மேரியின் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். கரை திரும்பி, பங்கு கைக்கு வந்தால்தான் பிள்ளைக்கு ஐந்து ரூபாய். வாரத்துக்கு மூன்று நாணயம் கிடைக்கிறது என்று கணக்குப் போடலாம். பொங்கல் முடிந்து தொடங்கினால் ஏப்ரல் 14 வரை பதின்மூன்று வாரம். 39 நாணயம், 195 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மேரிக்கு ஒரு காசும் வராது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான், வெயிலும் அப்போதுதான். பொறுமைக் கதைக்கு இதைவிட நல்ல நடுப்பகுதி வேண்டுமா? பாட்டியை உட்கார வைத்து 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று சொல்ல வைக்கவே தேவையில்லை. அப்பாவை நாட்டுப்படகில் ஏற்றிவிட்டால் மட்டும் இந்தத் திருப்பம் போய்விடும், ஏனென்றால் இந்தத் தடை விசைப்படகுகளுக்குத்தான்.

உண்டியலைப் பற்றியும் தெரிந்து எழுத வேண்டும். 'நாணயங்கள் நிரம்பி வழிந்தன' என்று எழுதாதீர்கள். 300 ரூபாய்க்கு அறுபது ஐந்து ரூபாய் நாணயம். கொட்டிப் பார்த்தால் அரை டம்ளர் வந்தால் அதிகம். தேங்காய் அளவு உண்டியலின் அடியில்தான் கிடக்கும். அப்படியானால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மண் உண்டியலை உடைக்காமல் எண்ண முடியாது. அதனால் ஒவ்வொரு நாணயத்துக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு போடட்டும். கோடுகள் கூடுவதும் நிற்பதும் வாசகனுக்குக் கண்ணால் தெரியும்.

உடைக்காமல் ஒன்றுமே எடுக்க முடியாத உண்டியலாக எழுதினால் சபலத்துக்கு இடமில்லை. உண்மையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வித்தை தெரியும். உண்டியலைத் தலைகீழாகப் பிடித்து, துளையில் ஈர்க்குச்சியை விட்டு மெல்ல ஆட்டினால் ஒன்றிரண்டு வழுக்கி விழும். மே மாத மத்தியானம், ஐஸ்காரர் மணி அடிக்கிறார். மேரி அப்படி இரண்டு நாணயம் எடுத்துவிடுகிறாள். இங்கே பலர் அம்மாவிடம் மாட்ட வைத்து அழ வைப்பார்கள். யாருமே பார்க்க வேண்டாம், சுவர் இருக்கிறதே. 39 கோட்டில் இரண்டை அவளே அழிக்க வேண்டும். மீதி 37. முன்பு 21 நாணயம் போதும், தடை முடிந்து ஏழு வாரம். இப்போது 23 வேண்டும், எட்டாவது வாரம் வரை இழுக்கும். ஒரு ஐஸுக்கு ஒரு வாரம்! அந்தக் கணக்கை அவளே போட்டுப் பார்க்கும் பத்திதான் கதையின் உயிர். அதற்குப் பிறகு ஐஸ் மணி கேட்கும்போது அவள் என்ன செய்கிறாள் என்பதை இரண்டு வரியில் சொன்னால் போதும்.

பேச்சிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். இதே சிறுமியைக் கீழக்கரை முஸ்லிம் வீட்டில் வைத்தால் அவள் வாப்பா, உம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

முடிவில் நடக்கும் தவறு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது: உடைத்த காசு அத்தனையும் அம்மாவின் மருந்துக்குப் போய்விடுவது. அது தியாகக் கதை, வேறு கதை. ஆகஸ்டில் மேரி கண்ணாடியை வாங்கட்டும். அறுபது நாணயத்தையும் கடைக்காரர் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணட்டும். கொஞ்சம் சலித்துக்கொள்ளவும் செய்யட்டும். நடுவில் பத்து ரூபாய் நாணயம் வைத்தால் 'இது செல்லாது' என்று அவரைச் சொல்ல விடலாம், நம் ஊர்க் கடைகளில் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதால், கதையில் யாராவது ஒருவர் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.