த்ரீ கார்டு போக்கர், கேசினோ ஹோல்டம்: ‘போனஸ்’ என்ற பெயரில் நடக்கும் தவறுகள்

கேசினோவில் த்ரீ கார்டு போக்கர் மேஜையில் உட்கார்ந்தால் உங்கள் முன்னால் மூன்று கட்டங்கள் இருக்கும்: ஆன்ட்டி, பிளே, பேர் பிளஸ். ஆன்ட்டியில் பணம் வைத்தால் மூன்று சீட்டு வரும். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் சீட்டைக் கவிழ்த்துவிடலாம், ஆன்ட்டி போய்விடும். ஆடுவதென்றால் ஆன்ட்டிக்குச் சமமான தொகையை பிளே கட்டத்தில் வைக்க வேண்டும். டீலரிடம் குறைந்தது ராணி இருந்தால்தான் அவர் ஆட்டத்துக்குத் தகுதி பெறுவார். தகுதி பெறாவிட்டால் ஆன்ட்டிக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், பிளே பணம் அப்படியே திரும்பி வரும். ஆட்டம் இவ்வளவுதான். தவறுகள் நடப்பது பெரும்பாலும் ‘போனஸ்’ என்று எழுதியிருக்கும் இடங்களில்.

இந்த ஆட்டத்தில் போனஸ் என்ற பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் உண்டு. ஒன்று ஆன்ட்டி போனஸ். இதற்குத் தனியாகப் பணம் வைக்க வேண்டியதில்லை. நீங்கள் ஆடும் கையில் ஸ்ட்ரெய்ட், அதாவது எண்கள் தொடர் வரிசையாக, வந்தால் ஆன்ட்டிக்கு 1 மடங்கு, மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் 4 மடங்கு, அந்த வரிசை ஒரே இனத்தில் அமைந்து ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் ஆனால் 5 மடங்கு கூடுதலாகத் தருவார்கள். டீலர் உங்களை ஜெயித்துவிட்டாலும் இது உண்டு. இன்னொன்று பேர் பிளஸ். இது தனிப் பந்தயம், தனிப் பணம். டீலர் கையோடு இதற்குச் சம்பந்தமே இல்லை, உங்கள் மூன்று சீட்டில் ஜோடியோ அதற்கு மேலோ இருக்கிறதா என்பது மட்டும்தான் கணக்கு. முதலாவது கேசினோவின் சாதகத்தைக் குறைக்கிறது. இரண்டாவது, பட்டியலைப் பொறுத்து, உங்கள் செலவை இரண்டு மூன்று மடங்காக்கிவிடும். இரண்டையும் ‘ஏதோ போனஸ்’ என்று ஒன்றாகப் பார்ப்பதுதான் முதல் தவறு.

ஆன்ட்டி போனஸ் எவ்வளவு பெறும்? 52 சீட்டில் மூன்று சீட்டுக் கைகள் மொத்தம் 22,100. அதில் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் 48, மூன்றும் ஒரே எண் 52, ஸ்ட்ரெய்ட் 720. மேலே சொன்ன 5-4-1 கணக்கில் பெருக்கிக் கூட்டினால் 1,168. அதை 22,100-ஆல் வகுத்தால் 5.29 சதவீதம். சரியாக ஆடுபவருக்கு ஆன்ட்டி மீது ஹவுஸ் எட்ஜ் 3.37 சதவீதம். அதாவது, 100 ரூபாய் ஆன்ட்டிக்குச் சராசரியாக 3 ரூபாய் 37 பைசா கேசினோவுக்குப் போகும். இந்தப் போனஸ் மட்டும் இல்லையென்றால் அது 8.66 சதவீதம் ஆகியிருக்கும். ஆகவே மேஜைத் துணியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படியுங்கள். 5-4-1 என்பது சில இடங்களில் 4-3-1 ஆகவோ 3-2-1 ஆகவோ இருக்கும். 3-2-1 என்றால் எட்ஜ் 4.28-க்கு ஏறிவிடுகிறது. ஆட்டம் அதே ஆட்டம்தான், சீட்டும் அதே சீட்டுதான்.

பேர் பிளஸில் இந்த வித்தியாசம் இன்னும் மோசம். தாராளமான பழைய பட்டியல் இப்படி இருக்கும்: ஸ்ட்ரெய்ட் ஃபிளஷுக்கு 40, மூன்றும் ஒரே எண்ணுக்கு 30, ஸ்ட்ரெய்ட்டுக்கு 6, மூன்றும் ஒரே இனமாக வரும் ஃபிளஷுக்கு 4, ஜோடிக்கு 1. இதில் ஹவுஸ் எட்ஜ் 2.32 சதவீதம்தான். ஆன்ட்டியை விடவே குறைவு! ஆனால் பல மேஜைகளில் ஃபிளஷுக்கு 4-க்குப் பதில் 3 என்று போட்டிருப்பார்கள். ஒரே ஒரு எண் மாறியதுபோலத்தான் தெரியும். ஃபிளஷ் கைகள் 1,096. ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு குறைத்தால் எட்ஜ் ஏறக்குறைய 5 புள்ளி கூடி 7.28 சதவீதத்தில் போய் நிற்கிறது. ஃபிளஷை 4 என்றே விட்டு ஸ்ட்ரெய்ட்டை 5 ஆக்கினால் 5.57. கண்ணைப் பறிக்கும் 40-உம் 30-உம் மூன்று பட்டியலிலும் மாறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கைகள் இரண்டும் சேர்ந்தே 22,100-இல் 100 தான், ஆகவே அங்கே தாராளமாக இருப்பதில் கேசினோவுக்கு நஷ்டமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஃபிளஷ், ஸ்ட்ரெய்ட் என்ற இரண்டு வரிகளை.

நம்மூர்க்காரர்கள் இங்கே தடுக்கி விழ இன்னொரு காரணமும் உண்டு. தீன் பத்தி ஆடிப் பழகியவருக்கு மூன்றும் ஒரே எண் வருவதுதான் உச்சம். த்ரீ கார்டு போக்கரில் அதற்கு மேல் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் இருக்கிறது. ஏஸ்-2-3 இங்கே ஸ்ட்ரெய்ட்டுகளிலேயே சிறியது. ஃபிளஷை ஸ்ட்ரெய்ட் ஜெயிக்கும் என்பது மட்டும் இரண்டிலும் ஒன்று.

அடுத்தது, எந்தக் கையை ஆடுவது, எதைக் கவிழ்ப்பது. ராணி-6-4 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆட வேண்டும், கீழே இருந்தால் கவிழ்க்க வேண்டும். பெரிய சீட்டிலிருந்து வரிசையாக ஒப்பிடுங்கள். ராணி-7-2 ஆடும் கை. ராணி-6-3 கவிழ்க்கும் கை. ராஜாவோ ஏஸோ இருந்தால் மற்றவை எதுவானாலும் ஆடலாம். இதைக் கடைப்பிடித்தால்தான் மேலே சொன்ன 3.37. சீட்டைப் பார்க்காமலேயே எல்லாக் கையும் ஆடுபவருக்கு அது 7.65 சதவீதம்.

ஏன் கவிழ்க்க வேண்டும் என்பதை ஒரு கையை வைத்துப் பார்ப்போம். ஆன்ட்டி 100 ரூபாய். உங்களிடம் வெவ்வேறு இனத்தில் ஜாக்கி-9-5. டீலர் தகுதி பெற்றால் அவரிடம் குறைந்தது ராணி இருக்கும், எனவே நீங்கள் கட்டாயம் தோற்பீர்கள். ஜெயிக்க ஒரே வழி அவர் தகுதி பெறாமல் போவது. உங்கள் சீட்டைக் கழித்துவிட்டு எண்ணினால் அதற்கான வாய்ப்பு சுமார் 29 சதவீதம். நூறு முறை இதே கையை ஆடினால் 29 முறை 100 ரூபாய் வரும், 71 முறை 200 ரூபாய் போகும். வரவு 2,900, செலவு 14,200, நஷ்டம் 11,300. நூறு முறையும் கவிழ்த்திருந்தால் நஷ்டம் 10,000. ஆடியதற்கு 1,300 ரூபாய் அதிகம்.

‘பத்துக்கு மூன்று முறை ஜெயிக்கிறேனே’ என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், அந்த மூன்று முறையும் ஆன்ட்டி மட்டும்தான் ஜெயிக்கிறது, பிளே பணத்துக்கு லாபம் இல்லை. ஜெயிக்கும்போதெல்லாம் இரண்டுக்கும் கிடைப்பதாக இருந்தால் நான்கில் ஒரு முறை ஜெயித்தாலே ஆடலாம். தகுதி விதி கேசினோவுக்கு எப்படி உழைக்கிறது என்பது இதில் தெரிகிறது: உங்கள் கை நன்றாக இருக்கும்போது டீலர் தகுதி பெறாமல் போய், லாபம் பாதியாகிவிடுகிறது.

கேசினோ ஹோல்டத்தில் தவறு நேர் எதிர்த் திசையில் நடக்கும். அங்கே ஆன்ட்டி வைத்ததும் உங்களுக்கு இரண்டு சீட்டு, டீலருக்கு இரண்டு, நடுவில் பொதுவாக மூன்று விரிப்பார்கள். தொடர வேண்டுமென்றால் ஆன்ட்டியைப் போல இரண்டு மடங்கு ‘கால்’ வைக்க வேண்டும். பிறகு இன்னும் இரண்டு பொதுச் சீட்டு வரும். டீலர் தகுதி பெற 4-இன் ஜோடியாவது வேண்டும். இரண்டு மடங்கு என்றதும் பலர் பயந்து, ஜோடி இல்லாத கையை எல்லாம் கவிழ்த்துவிடுகிறார்கள். ஆனால் சரியான ஆட்டத்தில் சுமார் 82 சதவீதக் கைகளைத் தொடர வேண்டும். கவிழ்ப்பது ஐந்து கைக்கு ஒன்று கூட இல்லை.

காரணம் எளிது. கவிழ்த்தால் 100 நிச்சயமாகப் போகும். தொடர்ந்தால் அதிகபட்சம் 300 போகும், டீலர் தகுதி பெற்று நீங்கள் ஜெயித்தால் 300 வரும். மூன்றில் ஒரு முறை, தகுதி விதிக்காக அதற்குச் சற்றுக் கூடுதலாக, ஜெயித்தாலே கவிழ்ப்பதைவிட லாபம். உங்களிடம் ஏஸ்-8, நடுவில் மூன்று வேறு இனங்களில் 10-6-3 என்று வையுங்கள். உங்களிடம் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். மீதி 47 சீட்டில் டீலரிடம் இருக்கக்கூடிய இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் 1,081. அவற்றில் 592-இல், அதாவது பாதிக்கு மேல், இந்த நொடியில் நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள். இன்னும் இரண்டு சீட்டு வரவிருப்பதால் நிலைமை மாறலாம், ஆனால் மூன்றில் ஒன்று என்ற அளவுக்குக் கீழே போகாது. ஆகவே தொடர வேண்டிய கை. மாறாக 4-2 வைத்திருக்கிறீர்கள், நடுவில் வெவ்வேறு இனத்தில் ராஜா-ஜாக்கி-9 என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, கவிழ்த்துவிடலாம்.

இந்த ஆட்டத்தில் ஆன்ட்டிக்கும் உயர்ந்த கைகளுக்குக் கூடுதல் தொகை உண்டு. வழக்கமான பட்டியலில், ஒன்றுக்கு ஒன்று என்பதற்குப் பதிலாக, ஃபிளஷுக்கு 2, ஃபுல் ஹவுஸுக்கு 3, நான்கும் ஒரே எண்ணுக்கு 10, ஸ்ட்ரெய்ட் ஃபிளஷுக்கு 20, ராயல் ஃபிளஷுக்கு 100. ஆனால் த்ரீ கார்டு போல அல்ல, நீங்கள் ஜெயித்தால்தான் இது. இந்தப் பட்டியலில் ஹவுஸ் எட்ஜ் ஆன்ட்டி மீது 2.16 சதவீதம்.

பக்கத்திலேயே ‘ஏஏ போனஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். முதல் ஐந்து சீட்டில் ஏஸ் ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் பணம். பரவலான ஒரு பட்டியல்: ஏஸ் ஜோடியிலிருந்து ஸ்ட்ரெய்ட் வரை 7, ஃபிளஷ் 20, ஃபுல் ஹவுஸ் 30, நான்கும் ஒரே எண் 40, ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் 50, ராயல் 100. ஏறக்குறைய ஒன்பது கைக்கு ஒன்று ஜெயிக்கும். ஹவுஸ் எட்ஜ் 6.26 சதவீதம். இரண்டு சதவீதங்களை மட்டும் ஒப்பிட்டால் மூன்று மடங்கு என்று தோன்றும். உண்மை இன்னும் கடுமையானது. 100 ரூபாய் ஆன்ட்டி வைத்து 82 சதவீதக் கைகளில் கூடுதலாக 200 வைக்கும்போது, ஒரு கைக்குச் சராசரியாக 264 ரூபாய் மேஜையில் இறங்குகிறது, அதற்கான செலவு 2 ரூபாய் 16 பைசா. பக்கத்துக் கட்டத்தில் வைக்கும் வெறும் 100 ரூபாய்க்குச் செலவு 6 ரூபாய் 26 பைசா.

‘ஆன்ட்டி போனாலும் போனஸ் காப்பாற்றும்’ என்று சொல்லிப் பக்கப் பந்தயத்தைக் காப்பீடு மாதிரி வைப்பவர்கள் உண்டு. கணக்கில் இரண்டு நஷ்டங்களும் கூட்டப்படும், கழிக்கப்படாது. பேர் பிளஸை எடுத்துக்கொண்டால், ஜோடி கூட இல்லாத கைகள் 74 சதவீதம். அந்தப் பணம் போவது உங்கள் ஆன்ட்டி கையும் பலவீனமாக இருக்கும் அதே நேரத்தில்தான். 7.28 சதவீதப் பட்டியலில், ஆன்ட்டி 100, பேர் பிளஸ் 100 என்று மணிக்கு 40 கை ஆடினால் சராசரி நஷ்டம் 426 ரூபாய். அதே வேகத்தில் ஆன்ட்டி மட்டும் என்றால் 135.