கூரியர் சர்வர் படுத்தாலும் ஆர்டர் தொலையாமல் இருக்க

காரைக்குடி பலகாரக் கடை ஒன்றுக்குச் செய்தது. முன்பு பணம் வந்ததும் ஸ்கிரிப்ட் நேராகக் கூரியர் சர்வரைக் கூப்பிடும். அது படுத்திருந்தால் இரண்டு கிலோ மணகோலத்துக்கான ஆர்டர் அத்தோடு போச்சு.

இப்போது ஆர்டர் முதலில் `jobs` டேபிளில் `pending` என்று ஏறும். பதிவான பிறகே, பணம் வந்த தகவலை அனுப்பிய பேமென்ட் சர்வருக்கு 200 பதில் போகும். ஆர்டர் எண்ணுக்கு `UNIQUE` போட்டிருப்பதால், அதே தகவல் இருமுறை வந்தாலும் ஒரே வரிதான்.

கூரியரைக் கூப்பிடுவது தனி வொர்க்கரின் வேலை. 503 வந்தால் 1, 2, 4, 8 நிமிடம் என இடைவெளி இரட்டிக்கும்; உச்சம் ஒரு மணி நேரம். அதோடு சில விநாடிகளை ரேண்டமாகச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சர்வர் எழுந்த நொடியில் தேங்கியதெல்லாம் ஒன்றாகப் போய் மோதி, மறுபடி படுக்க வைத்துவிடும். 400 வந்தால் திரும்ப அனுப்பிப் பயனில்லை, பெரும்பாலும் பின்கோடு தப்பாக இருக்கும். `failed` என்று மாற்றிக் கடைக்காரர் போனுக்கு மெசேஜ் போகட்டும்.

உண்மையான வில்லன் டைம்அவுட். பதில் வரவில்லை என்பதால் புக்கிங் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. கண்ணை மூடிக்கொண்டு திரும்ப அனுப்பினால் ஒரே பார்சலுக்கு இரண்டு ஏர்வே பில் விழும். இது பழைய ஆர்டர்தான் என்று கூரியர் சர்வருக்குத் தெரிய, ஒவ்வொரு முயற்சிக்கும் அதே `Idempotency-Key`-ஐ அனுப்புங்கள். கூரியர் அதை ஏற்காவிட்டால், ஆர்டர் எண்ணை வைத்து முதலில் தேடிப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் புக் செய்யுங்கள்.