தொங்கும் கேட்டுக்குச் சக்கரம் மருந்தல்ல

திருமங்கலத்துக்கு அருகே என் பெரியப்பா கட்டிய வீட்டில், காம்பவுண்டு கேட் மூன்றே ஆண்டுகளில் தரையை உரசத் தொடங்கியது. பட்டறைக்காரர் வந்து பார்த்தார். கேட்டின் நுனியில் மூன்று அங்குலச் சக்கரம் ஒன்றைப் பற்றவைத்து, "இனி கவலை இல்லை ஐயா" என்று சொல்லிப் போனார். ஆறு மாதத்தில் சக்கரத்தின் அச்சு வளைந்தது. மேல் கீல் தூணிலிருந்து ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து வந்தது. பட்டறை வேலையில் பல ஆண்டு கழித்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

கேட் இறங்கிவிட்டதென்றால் முதலில் எது இறங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். கதவு கோணியிருக்கலாம், கீல் தேய்ந்திருக்கலாம், தூண் சாய்ந்திருக்கலாம். மூன்றும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே தெரியும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பார்க்காமல் சக்கரம் வைப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

கண்டுபிடிக்க ஒரு டேப்பும் ஒரு தூக்குக்குண்டும் போதும். கதவின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தேன். இரண்டும் ஒன்றாக இருந்ததால் கதவு கோணவில்லை. நுனியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கிப் பார்த்தேன். கீல் முளைக்குள் ஆட்டம் அதிகமில்லை. பிறகு தூணின் பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். கீழ்க் கீலுக்கும் மேல் கீலுக்கும் நடுவே மூன்று அடி உயரத்தில் தூண் ஒன்பது மில்லிமீட்டர் வழிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் கதவின் அகலம் எட்டு அடி. மூன்று அடியில் ஒன்பது என்றால் எட்டு அடியில் இருபத்து நான்கு, அதாவது நுனியில் ஏறக்குறைய ஒரு அங்குல இறக்கம். கேட்டுக்கு அடியில் விட்டிருந்த இடைவெளியே ஒரு அங்குலம்தான்.

தூண் ஏன் சாய்ந்தது? அதன்மேல் விழும் இழுவையை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்தக் கதவின் எடை சுமார் 120 கிலோ. எடை முழுவதும் கதவின் நடுவில், அதாவது தூணிலிருந்து நான்கு அடி தள்ளி இருப்பதாகக் கொள்ளலாம். 120-ஐ நான்கால் பெருக்கி, கீல்களுக்கு இடையே உள்ள தூரமான மூன்றால் வகுத்தால் 160 கிலோ. அந்த விசையால் மேல் கீல் தூணை வெளியே இழுக்கிறது. கீழ்க் கீல் அதே விசையால் உள்ளே தள்ளுகிறது. கீல்களை நான்கு அடி இடைவெளியில் வைத்திருந்தால் இழுவை 120 கிலோவாகக் குறைந்திருக்கும். ஐந்து அடி உயரக் கதவில் அதற்கு இடம் தாராளமாக இருந்தது. நடுவில் மூன்றாவதாக ஒரு கீல் வைத்தால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இழுவைக்கு அது பெரிதாக உதவாது. மூன்றும் ஒரே நூலில் நிற்காவிட்டால் கதவு திறக்கும்போதே இறுகிப் பிடிக்கும், அவ்வளவுதான் மிச்சம்.

பிள்ளைகள் கேட்டில் ஏறி ஊஞ்சலாடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது கிலோ பையன் எட்டடி தள்ளி நுனியில் தொங்கினால், கதவின் சொந்த எடையால் வரும் சுமையில் மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகத் தூணில் ஏறுகிறது.

பெரியப்பா வீட்டுத் தூண் வெறும் செங்கல். மேலே பளபளக்கும் ஓடு ஒட்டியிருந்ததால் உள்ளே விட்டிருந்த விரிசல் தெரியவில்லை. செங்கல் கட்டுமானம் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கீல் பட்டையைத் தூணில் குடைந்து சிமெண்டு வைத்துப் பூசினால், அந்தச் சிமெண்டு கட்டியோடு சேர்ந்து ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும். இன்னொன்று, கேட்டை உள்பக்கமாகத் திறந்து வைத்ததும் இழுவையின் திசை மாறுகிறது. மூடியிருக்கும்போது வழிப்பக்கம் இழுத்த கதவு, திறந்ததும் வீட்டுப் பக்கம் இழுக்கிறது. அந்தத் திசையில் காம்பவுண்டு சுவர் துணைக்கு வராது.

அதற்கும் கீழே கரிசல் மண். மேலூர்ப் பக்கச் செம்மண் போல அல்ல இது. ஐப்பசி மழையில் ஊதும், சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழைக்காலத்தில் சரியாகப் பொருந்தும் தாழ்ப்பாள் கோடையில் பொருந்தவில்லை என்றால், கீலைக் குறை சொல்லாதீர்கள், அடித்தளத்தைப் பாருங்கள். பெரியப்பா வீட்டில் அடித்தளத்தின் ஆழம் இரண்டடிகூட இல்லை.

தூணை இடித்தோம். ஐந்தடி தோண்டி, மூன்றடிக்கு மூன்றடி அடித்தளம் போட்டு, ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலக் காங்கிரீட் தூணை எழுப்பினோம். நான்கு பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பிகள், ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங். பன்னிரண்டு அங்குலப் பக்கம் வீட்டை நோக்கிய திசையில் நீண்டிருக்குமாறு வைத்தோம். கீல் வரும் இரண்டு இடங்களிலும் பத்து மில்லிமீட்டர் தகட்டை, பின்னால் கம்பி பற்றவைத்து, காங்கிரீட் போடும் முன்பே கூண்டோடு கட்டிவிட்டோம். இரண்டு தூண்களையும் தரைக்கு அடியில் ஒரு பீம் இணைக்கிறது. குழியைத் திரும்ப மூடியது சரளையால். தோண்டிய கரிசலைப் போட்டிருந்தால் பழைய கதைதான்.

வேலை அத்தனையும் சரியாக இருந்தும் கெடுகிற இடம் ஒன்று உண்டு. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டதாகச் சொல்லி, மூன்றாம் நாளே கதவை மாட்டுவார்கள். அந்தக் காங்கிரீட்டுக்கு அதற்குள் முழு பலம் வந்திருக்காது. நாங்கள் இரண்டு வாரம் சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றினோம். பெரியம்மா தினமும் முணுமுணுத்தார். கேட் இல்லாத வாசலில் ஆடு நுழைந்து செடியை மேய்ந்தது என்பதும் உண்மைதான்.

கதவு கோணியிருந்தால் குறுக்குச் சட்டம் வைக்கலாம், ஆனால் திசை முக்கியம். மெல்லிய கம்பி என்றால் மேல் கீல் மூலையிலிருந்து நுனியின் கீழ் மூலைக்கு வர வேண்டும்; அங்கே அது இழுவையில் விறைப்பாக நிற்கும். எதிர்த் திசையில் வைத்தால் அமுக்கம் வரும், கம்பி வளைந்துவிடும். அந்தத் திசைதான் வேண்டுமென்றால் குழாயோ சதுரப் பைப்போ போட வேண்டும்.

சக்கரத்துக்கு வருவோம். பெரியப்பா வீட்டு வாசல் தெருவை நோக்கிச் சரிகிறது. கதவு உள்ளே ஏறும் தளத்தில் திறக்கிறது. மூடியிருக்கும்போது சக்கரம் அந்தரத்தில் தொங்கியது, எடை முழுவதும் கீலில்தான் இருந்தது. திறக்கும்போது ஏறும் தளம் சக்கரத்தைத் தூக்கி, கதவையும் கீலையும் முறுக்கியது. வேலை செய்ய வேண்டிய நேரத்தில் சும்மா இருந்து, சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் நெம்பிய சக்கரம் அது. பத்தடிக்கு மேல் அகலமான கதவுக்குச் சக்கரம் தேவைப்படலாம். அப்போது சக்கரம் ஓடும் வளைவுப் பாதை மட்டமாக இருக்க வேண்டும், அல்லது ஸ்பிரிங் வைத்த சக்கரம் வேண்டும். அதன் அச்சு கீலை நோக்கி நீளும் கோட்டிலேயே இருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் உருளாமல் உரசிக்கொண்டு போகும்.

இந்தக் கேட்டில் சக்கரத்தை அறுத்து எடுத்துவிட்டோம். கீழ்க் கீல் முன்பு ஒரு கிண்ணத்தில் நிற்கும் குடுமியாக இருந்தது; மழைநீரும் மண்ணும் அதில் தேங்கித் துருவேறியிருந்தது. அதை மூடியுள்ள பேரிங் கீலாக மாற்றினோம். கதவின் நுனி மட்டத்துக்கு நேராக எதிர்த் தூணில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். இரண்டு மழைக்காலம் கடந்தபின் போய்ப் பார்த்தேன். நுனி அந்தக் கோட்டிலேயே நிற்கிறது.