குடியாத்தத்திலிருந்து சிங்கப்பூருக்கு: நைனாவையும் அம்மாவையும் கிளப்பிய கடிதத்தை எழுதுவது எப்படி?

நான் முதலில் செய்த தப்பைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். குடும்ப வாட்ஸ்அப்பில் சிங்கப்பூர் படங்கள் பத்தை அனுப்பி, “நைனா, அம்மா, கிளம்பி வாங்க” என்று போட்டேன். நைனா போன் செய்து “பாக்கலாம்பா” என்றார். எங்கள் வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் ‘வரமாட்டேன்’ என்று அர்த்தம். இரண்டு வருடம் அப்படியே போனது. அப்புறம் ஒரு கடிதம் எழுதினேன். காகிதத்தில், பேனாவால். அதை எப்படி எழுதினேன் என்பதுதான் இந்தப் பதிவு.

படி 1: ஊரைப் பற்றி எழுதும் முன் சாக்குகளை எழுதுங்கள்

போனில் அவர்கள் சொன்ன சாக்குகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். என் தாளில் இருந்தவை: தறியில் ஏற்றிய பாவு நூல் இன்னும் நெய்து முடியவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி, “உனக்கு எதுக்குடா செலவு”, வீட்டை யார் பார்ப்பது. சொல்லாத பயம் ஒன்று இருக்கும், அதையும் சேருங்கள். ஏர்போர்ட்டில் யாராவது இங்கிலீஷில் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்பதுதான் அது. கடிதம் முழுக்க இந்தத் தாளுக்கான பதில்தான். இடங்களெல்லாம் அதற்குப் பிறகு.

படி 2: தேதியை அவர்கள் காலண்டரில் தேடுங்கள்

உங்கள் லீவை வைத்துத் தேதி குறித்தால் காரியம் கெடும். மே மாதம் எங்கள் ஊரில் பேச்சே கிடையாது. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அதை விட்டுவிட்டு அம்மா எங்கும் நகரமாட்டார். நவம்பர் முதல் ஜனவரி வரை சிங்கப்பூரில் மழை கூடுதல். தைப்பூசத்துக்கு அழைக்கலாமே என்று தோன்றும். காவடி பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் முழங்கால் வலிக்காரரை முதல் பயணத்திலேயே நிறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆகவே மாசி. கடிதத்தில் இப்படி எழுதினேன்:

*“நைனா, இப்ப தறியில இருக்கிற பாவு முடியட்டும். அடுத்த பாவு போடறதுக்கு முன்னாடி எட்டு நாள் எனக்குக் குடுங்க. என்னைக்கு முடியும்னு நீங்க சொன்ன பிறகுதான் டிக்கெட் போடுவேன்.”*

தேதியை அவர் கையில் கொடுத்ததும் பாதி வேலை முடிந்தது.

பாஸ்போர்ட் இல்லாவிட்டால் அதுதான் முதல் வேலை. வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. ஆதாரிலும் மற்ற சான்றுகளிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பெரியவர்கள் விஷயத்தில் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். பழைய பாஸ்போர்ட் என்றால் பயண நாளிலிருந்து இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விசா கையில் வரும் வரை மாற்ற முடியாத டிக்கெட் வாங்காதீர்கள்.

படி 3: வீட்டு வாசல் முதல் என் வீட்டு வாசல் வரை

இந்தப் பகுதியில் கஞ்சத்தனம் வேண்டாம். முதல்முறை போகிறவர்களுக்குச் சுற்றிப்பார்க்கும் இடங்களைவிட இந்த ஒரு ராத்திரிதான் பெரிய விஷயம்.

*“ராத்திரி பதினோரு மணிக்கு பிளைட். மூணு மணி நேரம் முன்னாடி உள்ள இருக்கணும். அதனால மத்தியானம் சாப்பிட்டு மூணு மணிக்குக் கார்ல கிளம்பிடுங்க, தம்பி கூட வருவான். அம்மா, உனக்கு வீல்சேர் சொல்லி வச்சிருக்கேன். நோயாளின்னு இல்ல. ஏர்போர்ட்ல நடை ஜாஸ்தி. தள்றவரே கவுன்ட்டர், செக்கிங் எல்லாத்துக்கும் கூட்டிட்டுப் போவார், நைனா கூடவே நடந்து வந்தா போதும். பிளைட்ல நாலு மணி நேரம்தான். யாராவது ஏதாவது கேட்டா இந்தக் கடிதத்தோட கடைசித் தாளைக் காட்டுங்க. நான் வெளியே நின்னுட்டு இருப்பேன்.”*

அந்தக் கடைசித் தாள் ஆங்கிலத்தில் இருக்கும்: என் பெயர், முகவரி, போன் நம்பர், தங்கும் நாட்கள், திரும்பும் பிளைட். வீல்சேரை விமான நிறுவனத்திடம் இரண்டு நாளாவது முன்பே சொல்லிவையுங்கள். சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். கடைசி மூன்று நாட்களுக்குள் நீங்களே நிரப்பிவிடுங்கள், கட்டணம் கிடையாது.

மாத்திரையை மறக்காதீர்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நைனா காலை ஏழுக்குப் போடும் பிரஷர் மாத்திரை அங்கே ஒன்பதரைக்கு வரும். டாக்டரிடம் கேட்டு நேரத்தைக் கடிதத்திலேயே எழுதினேன். மாத்திரை, டாக்டர் சீட்டு இரண்டும் கைப்பையில் இருக்க வேண்டும்.

படி 4: ஒரு நாளைக்கு ஒரே இடம்

என் முதல் வரைவில் ஒரே நாளில் நான்கு இடம் இருந்தது. என் மனைவி பார்த்துவிட்டு “உங்க அம்மாவுக்கா, ஆபீஸ் டூருக்கா?” என்றாள். திருத்திய பிறகு இப்படி ஆனது:

*“முதல் நாள் தூக்கம், ரசஞ்சோறு. ரெண்டாம் நாள் காலையில சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயில், பக்கத்துல டேக்கா மார்க்கெட். கடைக்காரங்க தமிழ்லயே பேசுவாங்க. மூணாம் நாள் பகல் பூரா வீடு. சாயங்காலம் கடலோரத் தோட்டம், ஏழே முக்காலுக்கு இரும்பு மரமெல்லாம் பாட்டுக்கு விளக்கெரியும், உக்காந்தே பாக்கலாம். நாலாம் நாள் எங்கயும் போகல. அம்மா கையால காரக்குழம்பு. அஞ்சாம் நாள் மிருகக்காட்சி சாலை, உள்ளயே வண்டி இருக்கு. ஆறாம் நாள் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், 1827-ல கட்டினது. அப்புறம் ஆத்துல படகு. ஏழாம் நாள் ஊருக்கு வாங்கறது. எட்டாம் நாள் கிளம்பறது.”*

கோயில் நடை மதியம் சாத்திவிடும், அதனால் காலையிலேயே போக வேண்டும். தோட்டத்தின் கண்ணாடிக் கூடத்துக்குள் குளிரும்; அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாம் நாளை வெறுமையாக விட்டதுதான் இந்தத் திட்டத்திலேயே நல்ல முடிவு. மழை வந்தாலும் கால் வீங்கினாலும் நகர்த்திக்கொள்ள ஒரு நாள் கையில் இருந்தது.

படி 5: பையில் எது கூடாது

இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். சிங்கப்பூருக்குள் மெல்லும் புகையிலை கொண்டுவரக் கூடாது. நைனாவுக்கு இது கஷ்டமான வரி, ஆனால் ஏர்போர்ட்டில் அவர் தலைகுனிந்து நிற்பதைவிட மேல். கசகசாவும் கூடாது; அம்மா குருமாப் பொடியில் சேர்த்து அரைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள். ஊறுகாயும் தேங்காய் எண்ணெயும் பெரிய பெட்டியில்தான், கைப்பையில் வைத்தால் சென்னையிலேயே எடுத்துவிடுவார்கள்.

படி 6: பணத்துக்கு ஒரே வரி

மொத்தத் தொகையை எழுதாதீர்கள், பொய்யும் எழுதாதீர்கள். நான் எழுதியது: *“இதுக்குன்னு ஒரு வருஷமா தனியா எடுத்து வச்ச பணம். கடன் ஒரு ரூபா கிடையாது.”* நைனா பயந்தது செலவுக்கு அல்ல, கடனுக்கு.

எழுத்தைப் பெரிதாக, வரிக்கு வரி இடம்விட்டு எழுதித் தபாலில் அனுப்பினேன். தம்பியைப் படித்துக் காட்டச் சொன்னேன். நாலு நாள் கழித்து நைனா கூப்பிட்டார். “மாசி பத்துக்குப் பாவு முடிஞ்சிடும். அந்தக் கோயிலுக்கு வேட்டியோட வரலாமில்ல?” பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. ஏழாம் நாளுக்கு அவர் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார்: எங்கள் தெருவுக்கு மட்டும் பதினேழு கோடாலித் தைலம்.