ஆழ வரைபடத்தின் வெள்ளையைச் சற்றே விரியுங்கள்

அருகில் இருப்பதை வெள்ளையாகவும் தொலைவில் இருப்பதைக் கருப்பாகவும் காட்டும் ஆழ வரைபடத்தின் துணையோடு ஒற்றைப் புகைப்படத்தை அசையச் செய்யும் முன், அந்த வரைபடத்தில் முன்னால் நிற்பவரின் வெள்ளைப் பகுதியைச் சில பிக்சல்கள் வெளிப்புறமாக விரித்துவிட்டால், முகத்தின் ஓரம் ரப்பர்போல் இழுபடுவது பெரும்பாலும் நின்றுவிடும். 1920 பிக்சல் அகலப் படம் ஏறத்தாழ 20 பிக்சல் நகர்வதானால், கிம்ப் மென்பொருளில் Filters → Generic → Dilate கட்டளையை ஐந்து முறை கொடுத்து, பிறகு 2 பிக்சல் அளவுக்கு மட்டும் மங்கலாக்குங்கள். மங்கல் விரிவை மிஞ்சினால் பயனில்லை.

வெள்ளையும் கருப்பும் சந்திக்கும் இடத்தில் உள்ள சாம்பல் நிறம் கன்னத்தின் விளிம்பிலேயே விழுவதால், அந்த விளிம்பு பாதி ஆளோடும் பாதி பின்னணியோடும் நகர்ந்து நீள்கிறது. விரித்தபின் அந்தச் சாம்பல் பட்டை பின்னணிக்குப் போய்விடுகிறது. வானமோ வெற்றுச் சுவரோ சற்று நீண்டால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அருகில் இருப்பதைக் கருப்பாகக் காட்டும் வரைபடமென்றால் Dilate அல்ல, Erode வேண்டும். ஆளுக்குப் பின்னால் சன்னல் கம்பிகள்போல நேர்கோடுகள் இருந்தால் அவை வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். அங்கே ஆளைத் தனி அடுக்காக வெட்டிப் பின்னணியை நிரப்புவதே வழி. பறக்கும் தலைமுடிக்கும் இந்த உத்தி உதவாது.