42 சொட்டு சரி, செட் தவறு

நோயாளிக்கு 500 மில்லி நார்மல் சலைன் டிரிப், 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். வழக்கம்போல மில்லிக்கு 20 சொட்டு என்று போட்டு, நிமிடத்துக்கு 42 சொட்டு வைத்தேன்.

```
500 × 20 ÷ 240 = 41.67
```

ஒரு மணி நேரத்தில் 125 மில்லி இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது சுமார் 170. முழு நிமிடம் எண்ணியும் 42தான். பிறகுதான் டிரிப் குழாய் செட்டின் உறையைப் பார்த்தேன்: மில்லிக்கு 15 சொட்டு. அதற்கு 31 சொட்டே போதும். அப்படியே விட்டிருந்தால் மூன்று மணி நேரத்தில் பாட்டில் காலி.

மருத்துவரிடம் சொல்லி, அவர் சம்மதத்துடன் மீதி 330 மில்லியை 3 மணி நேரத்துக்குப் பிரித்தேன்.

```
330 × 15 ÷ 180 = 27.5
```

28 சொட்டு வைத்தேன். நிமிடமாக மாற்றாமல் 3ஆல் வகுத்தால் 1650 வரும். அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். செட் பிழை அப்படிக் காட்டிக்கொடுக்காது. பாட்டிலில் ஒட்டிய டேப்பில் மணிக்கணக்குக் கோடு இருந்ததால்தான் பிடிபட்டது.