வலைக் கிடங்கைக் கடை என்று எழுதாதீர்கள்

கடலூர் முதுநகர்ப் பக்கம் கீழே மீன்பிடிச் சாமான் கடை, பின்கட்டில் குடோன், மாடியில் வீடு என்று ஒரு கட்டடம் இருக்கிறதென வைத்துக்கொள்வோம். பெயர்ப்பலகையைப் பார்த்து முழுவதையும் 'கடை' என்று தீப்பாதுகாப்பு விண்ணப்பத்தில் எழுதுவதுதான் முதல் தவறு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) கட்டடத்தை அதன் பயன்பாட்டைக் கொண்டே பிரிக்கிறது: வீடு ஏ, வணிகம் எஃப், கிடங்கு எச். கல்லாவுக்குப் பின்னால் இரண்டு அலமாரிச் சரக்கு இருந்தால் அது கடையின் துணைப் பயன்பாடு. ஆனால் பின்கட்டு முழுக்க வலை அடுக்கியிருந்தால் அது கிடங்குதான்.

அடுத்தது கணக்கில் வரும் தவறு. இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தீச்சுமை என்பது உள்ளே இருக்கும் பொருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் வெப்பம். அதைத் தளப்பரப்பால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சதுர மீட்டருக்கு 2,75,000 கிலோகலோரி வரை குறைவு, 5,50,000 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம்.

நம் குடோன் 100 சதுர மீட்டர். உள்ளே 4 டன் நைலான் வலை, 2.5 டன் பிளாஸ்டிக் கயிறு. நைலான் கிலோவுக்குச் சுமார் 7,400 கிலோகலோரி, பாலிஎத்திலீன் கயிறு சுமார் 11,000. மொத்தம் 5.71 கோடி, சதுர மீட்டருக்கு 5,71,000. அதிகம் என்ற வகுப்பு.

இதே சரக்கை மரம் என்று எண்ணி கிலோவுக்கு 4,400 போட்டால் 2,86,000 வரும். வகுப்பு நடுத்தரமாக இறங்கிவிடும். கடை, குடோன், வீடு மூன்றையும் சேர்த்து 300 சதுர மீட்டரால் வகுத்தாலோ 1,90,000தான், அதாவது 'குறைவு'. சரக்கு ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஆனால் மாடியில் தூங்குபவர்களுக்கும் நெருப்புக்கும் நடுவே உள்ள தளம் 'அதிகம்' வகுப்புக்கு உரிய நான்கு மணி நேரம் தாங்க வேண்டிய இடத்தில், 'குறைவு' வகுப்புக்கு உரிய ஒரு மணி நேரத்துக்குக் கட்டப்படும். வகுக்க வேண்டியது அந்த ஒரு அறையின் பரப்பால்தான். சரக்கையும் சோதனை நாளில் இருந்ததைக் கொண்டு எண்ணக் கூடாது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறி வலைகள் உள்ளே வரும்போது இருக்கும் உச்ச அளவைத்தான் எடுக்க வேண்டும்.

அந்தத் தளத்திலும் இடைச்சுவரிலும் போதுமான தீத்தாங்கு நேரம் இல்லாவிட்டால், பயன்பாடுகளைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. எது கடுமையான விதியோ அதுவே கட்டடம் முழுவதற்கும் பொருந்தும்.

இந்த எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. நெருப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைத் தீச்சுமை காட்டும். எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் காட்டாது. அதே அறையில் 200 கிலோ வெற்றுத் தெர்மாகோல் மீன்பெட்டிகளை அடுக்கினால் அடர்த்தி ஏறக்குறைய 19,000தான் கூடும். ஆனால் அது பற்றினால் சில நிமிடங்களில் கூரையைத் தொடும். உருகிச் சொட்டி, வலைக் குவியலையும் எரிய வைக்கும். அதனால் ஸ்ப்ரிங்க்ளர் தேவையைத் தீர்மானிக்கும்போது கிலோகலோரியோடு, பொருளின் வகையையும் அடுக்கின் உயரத்தையும் தனியாக எழுதிக் கொடுங்கள்.